டிரைவருக்கு ஒரு கட்டில்

போன வாரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் இருபத்தைந்து பேர் சேர்ந்து, ஒரு பஸ் பேசி, நவக்கிரகக் கோயில்களுக்குப் போகிறார்களாம். கும்பகோணத்தில் இரண்டு ராத்திரி தங்குவதற்கு லாட்ஜில் சொல்லிவிட்டார். "நீங்கதான் ஓட்டல்லயே இருந்தவராச்சே, இதைக் கொஞ்சம் பாருங்க சார்" என்று லாட்ஜ்காரர்கள் அனுப்பியிருந்த கடிதத்தை போனில் காட்டினார்.

ரூம் எத்தனை, வாடகை எவ்வளவு, காலை டிபன் உண்டா, அட்வான்ஸ் எவ்வளவு என்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "டிரைவர் எங்கே படுப்பார்?"

"அவர் பஸ்லயே படுத்துக்குவார் சார். எல்லா டூர்லயும் அப்படித்தானே" என்றார்.

எனக்கு 1997 பிப்ரவரி ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் கதையை அவரிடம் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

அப்போது நான் மதுரையில் ஒரு ஓட்டலில் ரிசர்வேஷன் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது ரூம் உள்ள நடுத்தர ஓட்டல். பெயர் வேண்டாம். வெளிநாட்டு குரூப்புகள் வர ஆரம்பித்திருந்த சமயம். அவர்கள் பாதை அநேகமாக ஒன்றேதான். சென்னையில் இறங்கி, மாமல்லபுரம், பாண்டிச்சேரி, தஞ்சாவூர் பார்த்துவிட்டு மதுரைக்கு வருவார்கள். மதுரையில் ஒரு ராத்திரி. மறுநாள் காலை தேக்கடி, பிறகு ஆலப்புழை, கொச்சி. மதுரைக்கு அந்த ஒரு ராத்திரிதான். அதற்குள் கோயில், சாப்பாடு, தூக்கம் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

1996 அக்டோபரில் சென்னை ஏஜென்ட் ஒருவரிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. பிரான்சிலிருந்து முப்பது பேர். இருவர் தங்கும் ரூம் பதினான்கு, தனி ஆள் ரூம் இரண்டு. அவர்களோடு பிரான்சிலிருந்து வரும் குழுத்தலைவர் ஒருவர், நம் ஊர் கைடு ஒருவர். காலை டிபனும் இரவுச் சாப்பாடும் சேர்த்து விலை கேட்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக் கணக்குக்கு ஓட்டல் தொழிலில் நான்கு பெயர்கள் உண்டு. ரூம் மட்டும் என்றால் இ.பி. ரூமும் காலை டிபனும் என்றால் சி.பி. அதோடு மதியம் அல்லது இரவு, ஏதாவது ஒரு சாப்பாடு சேர்ந்தால் எம்.ஏ.பி. மூன்று வேளையும் என்றால் ஏ.பி. வெளிநாட்டு குரூப்புகள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் எம்.ஏ.பி. மதியச் சாப்பாட்டை வழியில் காரைக்குடிப் பக்கம் முடித்துவிடுவார்கள். வடநாட்டு யாத்திரை குரூப்புகள் இதற்கு நேர்மாறு. சமையல்காரரும் அடுப்பும் பாத்திரமும் அவர்களோடே பஸ்ஸில் வரும். அவர்களுக்கு வெறும் இ.பி. போதும். ஆனால் அடுப்பு மூட்ட இடமும் தண்ணீரும் கொடுத்தாக வேண்டும். அதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டால் ராத்திரி எட்டு மணிக்கு மொட்டை மாடியில் சண்டை நடக்கும்.

இந்த பிரெஞ்சு குரூப்புக்கு இருவர் ரூம் 1,500 ரூபாய், தனி ஆள் ரூம் 1,050 ரூபாய் என்று விலை கொடுத்தேன். வரி தனி. பதினைந்து பேர் பணம் கட்டினால் ஒருவருக்கு இலவசம் என்பது எங்கள் வழக்கம். குழுத்தலைவர் அதில் போய்விடுவார். கைடு ரூமுக்கு 300 ரூபாய். ஆக மொத்தம் 23,400 ரூபாய்.

அந்த ஏஜென்ட் எங்களுக்குப் புதியவர். பழைய ஏஜென்ட் என்றால் குரூப் போன பிறகு பில் அனுப்பினால் ஒரு மாதத்தில் பணம் வரும், சில சமயம் மூன்று மாதமும் ஆகும். புதியவருக்குத் தவணை போட்டுக் கொடுத்தேன். 45 நாள் முன்பு கால் பங்கு, 5,850 ரூபாய். 21 நாள் முன்பு பாதி, 11,700 ரூபாய். மீதி, குரூப் வருவதற்கு 7 நாள் முன்பு, இறுதிக் கணக்குப்படி. எல்லாம் டி.டி.யாக வர வேண்டும்.

ஏன் இப்படிப் பிரிக்கிறோம் என்று எங்கள் கேஷியர் ஒருமுறை கேட்டார். காரணம் எளிது. இரண்டு மாதம் முன்பு குரூப் ரத்தானால் அந்த ரூம்களை வேறு யாருக்காவது விற்க எனக்கு நேரம் இருக்கிறது. ஒரு வாரம் முன்பு ரத்தானால் பதினாறு ரூமை யாரிடம் போய் விற்பது? நாள் நெருங்க நெருங்க எனக்கு நஷ்டம் கூடுகிறது. அதற்குத் தகுந்தாற்போல் அவர்கள் பணமும் என்னிடம் கூட வேண்டும். முதல் தவணை சொன்ன தேதியில் வராவிட்டால் ரூம்களை விட்டுவிடுவேன் என்று அதே கடிதத்தில் எழுதினேன். அந்தத் தேதிதான் இதில் முக்கியம். அது இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு பொங்கல் சமயத்தில் ரூம்களைப் பூட்டி வைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

டி.டி. சொன்னபடி வந்தது. 21 நாள் முன்பு ரூமிங் லிஸ்டும் வந்தது. யார் யார், எந்த ரூமில் யாரோடு யார் என்ற பட்டியல். ஃபேக்ஸ் காகிதத்தில் எழுத்து நாளாவட்டத்தில் மங்கிவிடும் என்பதால் வந்தவுடன் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வது வழக்கம். எடுத்துப் பார்த்தால் முப்பது பேர் இருபத்தேழாகக் குறைந்திருந்தார்கள். அது கெடுவுக்குள் என்பதால் பரவாயில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது. பெயர்கள் அகர வரிசையில் இருந்தன. கீழே "டபுள் எட்டு, ட்வின் நான்கு, சிங்கிள் மூன்று" என்று மட்டும் போட்டிருந்தது.

நம் ஊர் லாட்ஜில் டபுள் ரூம் என்றால் இரண்டு பேர் தங்கும் ரூம். அவ்வளவுதான். டூர் பாஷையில் அப்படி இல்லை. டபுள் என்றால் ஒரே பெரிய கட்டில், கணவன் மனைவிக்கு. ட்வின் என்றால் தனித்தனியாக இரண்டு கட்டில், நண்பர்களுக்கோ அம்மா மகளுக்கோ. யார் டபுள், யார் ட்வின் என்று லிஸ்ட் சொல்லாவிட்டால் ரிசப்ஷனில் இருக்கும் பையன் தானாக ஜோடி சேர்ப்பான். ஒரே குடும்பப் பெயர் இருந்தால் கணவன் மனைவி என்று நினைப்பான். பிரெஞ்சுக்காரர்களில் பல பெண்களுக்கு பாஸ்போர்ட்டில் பிறந்த வீட்டுப் பெயர்தான் இருக்கும். ஆகவே உண்மையான தம்பதி பிரிந்து போவார்கள், அண்ணனும் தங்கையும் ஒரே கட்டிலுக்குப் போவார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அந்த லிஸ்டில் ஒரு பெயரை நாங்கள் இங்கிலீஷ் முறையில் ஜீன் என்று படித்து, அது ஏதோ அம்மாள் என்று முடிவு செய்து, ஒரு பெண்ணோடு சேர்த்து எழுதியும் விட்டோம். பிரெஞ்சில் அதை ஷான் என்று சொல்ல வேண்டுமாம். ஆண் பெயர்.

ரூம் வாரியாக எழுதி அனுப்புங்கள் என்று திருப்பி ஃபேக்ஸ் அடித்தேன். ஒரு வரிக்கு ஒரு ரூம். ரூம் வகை, அதில் இருக்கும் இருவர் பெயர், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், விசா எண், இந்தியாவுக்குள் வந்த தேதி. கடைசி விவரங்கள் சி ஃபாரத்துக்காக. அப்போது வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்கு அந்த ஃபாரம் போக வேண்டியிருந்தது. முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால், பயணக் களைப்பில் வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ரூமுக்குப் போய்விடலாம். இல்லாவிட்டால் இருபத்தெட்டு பேர் லாபியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது லிஸ்ட் சரியாக வந்தது. அதைச் சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். எட்டு டபுளில் பதினாறு பேர், நான்கு ட்வினில் எட்டு பேர், சிங்கிளில் மூன்று பேர். இருபத்தேழு. பெயர்களை எண்ணினாலும் இருபத்தேழு வர வேண்டும், பாஸ்போர்ட் எண்களை எண்ணினாலும் இருபத்தேழு வர வேண்டும். வந்தது. எங்களிடம் பெரிய கட்டில் போட்ட ரூம் அன்று ஆறுதான் காலி. மீதி இரண்டு தம்பதிக்கு ட்வின் ரூமில் இரண்டு கட்டிலையும் சேர்த்துப் போட்டு, ஒரே விரிப்பு விரித்துவிட்டோம். இரண்டு கட்டிலை ஒன்றாக்கலாம், ஒரு கட்டிலை இரண்டாக்க முடியாது. சந்தேகம் வந்தால் ட்வின் கொடு என்று புதுப் பையன்களுக்குச் சொல்வேன்.

பணக் கணக்கையும் திருத்தினேன். இருவர் ரூம் பன்னிரண்டு, தனி ஆள் மூன்று, கைடு ரூம் ஒன்று. 21,450 ரூபாய். ஏற்கெனவே வந்தது 17,550. பாக்கி 3,900. அதுவும் 7 நாள் முன்பே வந்துவிட்டது. பார், லாண்டரி, போன் போன்றவற்றை அவரவர் ராத்திரியே கட்டிவிட வேண்டும் என்று கைடிடம் சொல்லியாயிற்று.

இரவுச் சாப்பாட்டில் ஒரு பிசகு கண்ணில் பட்டது. ஏஜென்ட் எட்டு மணிக்குச் சாப்பாடு என்று எழுதியிருந்தார். மீனாட்சியம்மன் கோயிலில் சொக்கநாதர் பல்லக்கில் பள்ளியறைக்குப் போவது இரவு ஒன்பது மணி வாக்கில். வெளிநாட்டவர் கர்ப்பகிரகத்துக்குள் போக முடியாது. பிரகாரத்தில் நின்று இதைத்தான் ஆசையாகப் பார்ப்பார்கள். எட்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தால் ஒன்பதுக்குக் கோயிலில் நிற்க முடியாது. கோயிலுக்குப் போய் வந்து சாப்பிடலாம் என்றால் பத்தரை ஆகும், பஃபே காய்ந்து கிடக்கும். ஏஜென்டைக் கேட்டு ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டேகாலுக்குக் கோயில் என்று மாற்றினேன். சமையலறைக்கு எண்ணிக்கை கொடுத்தேன்: குரூப் 27, தலைவர் 1, கைடு 1, மொத்தம் 29. அதில் சைவம் நான்கு. காரம் குறைவு.

இவ்வளவும் செய்தவனுக்கு அந்த ஃபேக்ஸின் கடைசி வரி ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. டிரைவர் ஒருவர், கிளீனர் ஒருவர், தங்க இடம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். நான் எழுதிய பதில்: "சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி." இடம் இருந்தால் பார்க்கலாம் என்று அர்த்தம். எங்களிடம் டிரைவர்களுக்கென்று இடமே கிடையாது என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கார் டிரைவர்களை ஓட்டல்காரர்கள் அந்தக் காலத்தில் நன்றாகவே கவனிப்பார்கள். அவர் நினைத்தால் கஸ்டமரை நம்மிடம் கொண்டு வருவார், நினைத்தால் பக்கத்து ஓட்டலுக்குக் கொண்டு போவார். ஆகவே அவருக்கு கமிஷன், சாப்பாடு, படுக்க இடம் எல்லாம் உண்டு. குரூப் பஸ் டிரைவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. எந்த ஓட்டல் என்பதை ஏஜென்ட் நான்கு மாதம் முன்பே முடிவு செய்துவிட்டார். டிரைவரால் நமக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதனால் அவர் யார் கண்ணிலும் படுவதில்லை.

அன்று மாலை நாலரைக்கு பஸ் வந்தது. கவரில் போட்டு வைத்திருந்த சாவிகள், எழுதி வைத்த சி ஃபாரங்கள், எல்லாம் கச்சிதம். கால் மணி நேரத்தில் லாபி காலி. ஏழு மணிக்குச் சாப்பாடு. எட்டேகாலுக்கு அதே பஸ்ஸில் கோயிலுக்குப் போனார்கள். பத்து இருபதுக்குத் திரும்பினார்கள். எல்லோரும் சந்தோஷமாக மேலே போனார்கள். நானும் வீட்டுக்குப் போனேன்.

எங்கள் வாசலில் பத்து கார் நிற்கலாம், பெரிய பஸ் நிற்காது. வாட்ச்மேன் கொஞ்சம் தள்ளியிருந்த பொட்டலுக்கு பஸ்ஸை அனுப்பிவிட்டார். டிரைவரும் கிளீனரும் பதினோரு மணிக்கு மேல் ரோட்டோரக் கடையில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குள் படுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் கொசு, மூடினால் புழுக்கம். பஸ்ஸில் சாமான் இருந்ததால் காவலும் வேண்டும். காலை ஐந்து ஐம்பதுக்கு, பெட்டிகளை ஏற்றுவதற்காக பஸ் மறுபடி எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. ஸ்டாப் பாத்ரூமில் குளித்துக்கொள்ளலாமா என்று டிரைவர் கேட்டதற்கு வாட்ச்மேன் முடியாது என்று சொல்லியிருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

ஏழரைக்கு பஸ் கிளம்பியது. தேக்கடி சுமார் 140 கிலோமீட்டர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி, கம்பம், அப்புறம் லோயர் கேம்பிலிருந்து குமுளி மலை ஏற்றம். ஒன்பதே முக்காலுக்கு ரிசப்ஷனுக்கு போன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கைடு பேசினார். உசிலம்பட்டி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் ரோட்டை விட்டு இடது பக்கம் இறங்கி, ஓடையோரம் சாய்ந்து நின்றுவிட்டது. ஒரு புளியமரத்துக்கு நாலு அடி பாக்கி. யாருக்கும் அடி இல்லை. ஒரு அம்மாளுக்கு மட்டும் முழங்கை சிராய்ப்பு.

"டிரைவர் கண் அசந்துட்டார் சார். ராத்திரி பூரா தூங்கலையாம். இதுவே குமுளி மலையில நடந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றார் கைடு. எனக்குப் பேச்சு வரவில்லை.

தேனியிலிருந்து வேறு டிரைவரை வரவழைத்து குரூப் போய்விட்டது. மறுநாள் சாயங்காலம் அந்த டிரைவர் என்னைத் தேடி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், சாத்தூர்ப் பக்கத்துக்காரர். கையில் ஒரு ரெக்ஸின் பை. அவர் குடித்துவிட்டு ஓட்டினார் என்று பஸ் முதலாளியிடம் யாரோ சொல்லிவிட்டார்களாம். டூர் பேட்டாவும் போய், வேலையும் போகும் நிலை.

"நான் குடிக்கிற ஆள் இல்லை சார். அன்னைக்கு ராத்திரி உங்க ஓட்டல்ல எனக்குப் படுக்க இடம் இல்லைன்னு மட்டும் எழுதிக் குடுங்க. அது போதும்" என்றார்.

எங்கள் மேனேஜரிடம் கேட்டேன். ஓட்டல் லெட்டர்பேடில் அப்படி எழுதினால் நாளைக்கு நம்மேல் கேஸ் வரும், கூடாது என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. நான் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கேட் ரெஜிஸ்டரைப் பார்த்து எழுதினேன். பஸ் ஓட்டலுக்குத் திரும்பியது இரவு 10.20. காலையில் வந்தது 5.50. இடையில் டிரைவருக்கு இந்த ஓட்டலில் படுக்கையும் கொடுக்கவில்லை, சாப்பாடும் கொடுக்கவில்லை. கீழே என் பெயர், கையெழுத்து. அவர் படித்துப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் காகிதம் அவருக்கு உதவவில்லை. வேலை போய், லாரி ஓட்டப் போய்விட்டார் என்று அந்தக் கைடு அடுத்த சீசனில் சொன்னார்.

10.20-க்கும் 5.50-க்கும் இடையே ஏழரை மணி நேரம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961-லேயே ஒன்று வந்திருக்கிறது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் டிரைவருக்குத் தொடர்ந்து ஒன்பது மணி நேரமாவது ஓய்வு இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. இதை நான் படித்தது அந்தச் சம்பவத்துக்குப் பிறகு. எட்டேகாலுக்குக் கோயில் என்று மாற்றியபோது, சாப்பாட்டையும் சாமியையும் பார்த்தேன். அந்த பஸ்ஸை ஓட்டுகிறவருக்கு எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்பது மணி நேரம் கிடைத்திருந்தாலும் கொசுக்கடியில் தூங்கியிருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

எங்கள் முதலாளியிடம் போய் நின்றேன். லாண்டரிக்குப் பின்னால் பழைய சாமான் போட்டிருந்த ஒரு அறை சும்மா கிடந்தது. அதில் ஆறு கட்டில், இரண்டு ஃபேன், ஜன்னலுக்குக் கொசு வலை, பக்கத்தில் ஒரு குளியலறை. பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குள் முடியும் என்று கணக்குக் காட்டினேன்.

"விக்கிறதுக்கு ரூம் போடுவாங்களா, டிரைவருக்குப் போடுவாங்களா?" என்றார் முதலாளி.

"ஒரு ரூமோட எட்டு நாள் வாடகைதான் சார் இந்தச் செலவு. அந்தப் புளியமரத்துல பஸ் மோதியிருந்தா இந்த ஓட்டல் பேரும் பேப்பர்ல வந்திருக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, செஞ்சுரு" என்றார்.

அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தக் கடிதத்திலும் "சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி" என்ற வார்த்தை டிரைவர் விஷயத்தில் வந்ததில்லை. டிரைவருக்கும் கிளீனருக்கும் படுக்கை உறுதி, இலவசம். இரவுச் சாப்பாடும் காலை டிபனும் ஸ்டாப் மெஸ்ஸில். பஸ் நிற்கும் இடம் இன்னது. அங்கே ராத்திரிக் காவல் எங்கள் பொறுப்பு. சமையலறைக்குக் கொடுக்கும் எண்ணிக்கை இருபத்தொன்பதாக இருந்தால் அதற்குக் கீழே "ஸ்டாப் மெஸ் இரண்டு" என்று தனி வரி. ரூமிங் லிஸ்டின் கடைசியிலும் டிரைவர், கிளீனர் பெயரை வாங்கிப் போட்டேன். பெயர் இருந்தால்தான் வாட்ச்மேன் கேட்டைத் திறந்து விடுவார்.

ராத்திரி கோயிலுக்குப் போவதற்கு உள்ளூர் வேன் இரண்டு பேசிவிடுவோம். பெரிய பஸ்ஸால் எப்படியும் மாசி வீதிகளுக்குள் போக முடியாது. சாயங்காலம் ஐந்து மணியோடு டிரைவருக்கு வேலை முடிந்தது. வேன் வாடகையை ஏஜென்டிடம் முதலிலேயே கேட்டுத் தவணையில் சேர்த்துவிடுவேன். இரண்டு ஏஜென்ட் முணுமுணுத்தார்கள். இதனால் குரூப்பை வேறு ஓட்டலுக்குக் கொண்டு போனவர் யாரும் இல்லை.

இப்போது அரசாங்கமே இதைக் கவனித்திருக்கிறது. 2023-ல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஓட்டல்களிலும் லாட்ஜ்களிலும் தங்க வருகிறவர்களின் டிரைவர்களுக்குக் கழிப்பறையோடு படுக்க இடம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. நல்ல காரியம். ஆனால் பழைய கட்டடங்கள் நம் ஊர்களில் நிறைய. விதி இருக்கிறது என்று நம்பிப் போய், ராத்திரி பதினோரு மணிக்கு ரிசப்ஷனில் நின்று வாதாட முடியாது. ரூம் பேசும்போதே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிட வேண்டும். "பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னால் இடம் இல்லை என்றுதான் அர்த்தம். நானே அப்படி எழுதியவன், அதனால் சொல்கிறேன்.

தெருக்காரர் கதையைக் கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து கும்பகோணத்துக்கு போன் போட்டார். லாட்ஜில் டிரைவருக்கு இடம் இல்லையாம். பக்கத்திலேயே ஒரு டார்மிட்டரியில் ஒரு கட்டில் 250 ரூபாய்க்குக் கிடைக்கும் என்றார்கள். இரண்டு பேருக்கு இரண்டு ராத்திரி, ஆயிரம் ரூபாய். இருபத்தைந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு நாற்பது ரூபாய்.

"இதைக் கேக்கணும்னு தோணவே இல்லையே சார்" என்றார்.

எனக்கும் தோன்றவில்லை, ஒரு காலத்தில்.